விலாசம் இல்லாத இருபத்துமூன்று கடிதங்கள்

நிலாமின் கொமினிகேஷன் கடைக்கு வெளிநாட்டிலிருந்து மூன்றாவது தடவையும் அதே போன் வந்த பிறகுதான் அவன் சுகந்தினி டீச்சரைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

2009 பெப்ரவரி. சுகந்தினியின் அப்பா ஏழுமலை செத்து ஒரு மாதம் முடிந்திருந்தது. றக்வான டவுனிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவர், இறங்க வேண்டிய முச்சந்தியில் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். நெஞ்சுவலி என்றார்கள். பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்து, அவருடைய சட்டைகளைக்கூட யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது.

"டீச்சர், ஒரு பொடியன் எங்கட கடை நம்பர எப்பிடியோ தேடிப் புடிச்சி பிரான்ஸ்ல இருந்து எடுக்கிறான்," என்றான் நிலாம். "ஏழுமலை ஐயா எங்கன்டு கேக்கிறான். அவர் மவுத்தாப் போனதச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. நாளைக்கு எடுங்கன்டு வச்சிட்டன். நேத்து எடுத்தவன், ஐயா இல்லாட்டி தங்கம்மாவக் கூப்பிடச் சொல்றான். யாரு டீச்சர் தங்கம்மா?"

தங்கம்மாவைச் சுகந்தினிக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்த காது கேளாத கொழுந்துக்காரி. அவள் செத்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. எலிக்காய்ச்சல். அந்தச் சாவுக்கு அப்பாவோடு சுகந்தினியும் போயிருந்தாள். மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, குழி மூடும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் அப்போது அவளுக்கு எந்த அதிசயமும் தோன்றவில்லை. அவர் எங்கேயும் பேசாத மனிதர்.

பேசாத மனிதர்தான், ஆனால் முப்பது வருஷம் ஊருக்காக எழுதியவர். டவுனில் இருந்த தொழிற்சங்கக் கிளை ஆபீசில் தமிழ் டைப்பிஸ்ட். பிரஜாவுரிமை மனு, பிறப்புச் சான்றிதழ் தொலைந்த மனு, லயத்துக் கூரை ஒழுகும் மனு, பிடித்துக்கொண்டு போன மகனை விடச்சொல்லி மனு. யார் எப்படி அழுது சொன்னாலும் அவருடைய டைப்ரைட்டர் வழியாக வரும்போது அது "இத்தால் தங்களுக்கு அறியத் தருவது யாதெனில்" என்றுதான் தொடங்கும். வீட்டில் மகளுக்கு எழுதி வைக்கும் சீட்டும் அப்படித்தான் இருக்கும். "மண்ணெண்ணெய் தீர்ந்துள்ளது."

ஆபீஸ் டைப்ரைட்டர் பழுதான பிறகு அவர் நிலாமின் கடைக்குப் போகத் தொடங்கினார். டைப்ரைட்டர் எழுத்து வரிசையிலேயே தமிழ் அடிக்கிற ஒரு புரோகிராமை நிலாம் மூன்றாம் நம்பர் மெசினில் போட்டுக் கொடுத்தான். விரல்களுக்குப் புதிதாக எதுவும் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஈமெயில் கணக்கும் அவனே திறந்து கொடுத்தான். வாரத்துக்கு இரண்டு நாள் அவர் அங்கே உட்கார்ந்து அடிப்பது டவுனில் எல்லாரும் பார்த்த காட்சி. சங்க வேலை என்றே சுகந்தினியும் நினைத்திருந்தாள்.

"பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது நிலாம்," என்றாள்.

"தேவையில்ல டீச்சர். அந்த மெசினுக்கு ஞாபகம் ஈக்கி. ஐயா ஒவ்வொரு தடவையும் அடிக்கக் கஷ்டப்பட்டாருன்டு நான்தான் சேவ் பண்ணி வச்ச. வேற யாரையும் அந்தக் கதிரையில நான் இன்னும் இருத்தல்ல."

பள்ளி விட்டு இரண்டு மணிக்கு அவள் கடைக்குப் போனாள். நிலாம் அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பாவின் பெயருடைய முதல் எழுத்தை மட்டும் அடித்தான். மீதிப் பெயரை மெசின் தானே எழுதியது. கீழே பாஸ்வேர்ட் கட்டத்தில் எட்டுக் கறுப்புப் புள்ளிகள் தாமாக வந்து நிரம்பின. ஒரு சொடுக்கு. திரையின் தலைப்பில் ஆங்கிலத்தில், வாருங்கள் ஏழுமலை, என்று வரவேற்பு வந்தது.

சுகந்தினி கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வந்த கடிதங்களில் நான்கு இன்னும் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் கிடந்தன. நான்கும் ஒரே ஆளிடமிருந்து. கிருஷ்ணராஜ். அவனையும் அவளுக்கு லேசாக நினைவிருந்தது. தங்கம்மாவின் ஒரே மகன். கொழும்பில் கடை வேலை பார்த்தவனை 2006இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏழு வாரம் கழித்து விட்டார்கள். விட்ட மறுமாதம் ஆளைக் காணவில்லை. கொழும்பில் வேறு கடையில் இருக்கிறான் என்று தங்கம்மா லயத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான். கடைசிக் கடிதம் பெப்ரவரி 17.

"அம்மா, ஒரு மாசமா ஒங்க கடிதம் இல்ல. ஐயாவுக்குச் சுகமில்லையா? எனக்கு அகதி கார்ட் கெடச்சிருச்சு. கேஸ் முடிஞ்சிது. இனி யாரும் என்னைய அனுப்ப முடியாது. இலங்கைக்கு வரக் கூடாது, ஆனா இந்தியாவுக்கு வரலாம். மே மாசம் திருச்சிக்கு வாறேன். ஐயாகிட்ட சொல்லி ஒங்களுக்குப் பாஸ்போட் எடுக்கச் சொல்லுங்க. ஒங்க மொகத்தப் பாத்து மூணு வருசமாகப் போகுது."

சுகந்தினி அதை இரண்டு தடவை படித்தாள். தாய் செத்தது இவனுக்குத் தெரியாது. அது எப்படித் தெரியாமல் போகும் என்று யோசித்தபடி, அனுப்பிய கடிதங்கள் இருக்கும் பகுதியைத் திறந்தாள்.

அறுபத்தொரு கடிதம். எல்லாம் கிருஷ்ணராஜுக்கு. 2006 கடைசியில் தொடங்கியிருந்தன. முதல் கடிதத்தின் மேலே அப்பாவின் குறிப்பு ஒரு வரி: "உமது தாயார் கூறக் கூற எழுதுவது." அதற்குக் கீழே தங்கம்மா பேசினாள்.

"ராசா, சாப்பிட்டியா. அங்க குளிரா. போன்ல பேசச் சொல்லி எழுதியிருந்தியாம், என் காதுக்குப் போன் எதுக்கு ராசா, கல்லுகிட்ட பேசுற மாதிரி. நீ பொறந்த காய்ச்சல்லயே அது போயிருச்சே. ஐயா ஆபீஸ் பின்னறையில வச்சி ஒன் கடுதாசிய வலது காதுல கத்திக் கத்திப் படிச்சாரு. பாவம் மனுசன், தொண்ட கட்டிப் போச்சு."

அப்பா கத்தினாரா? சுகந்தினிக்கு நம்ப முடியவில்லை. மேலே போனாள். மாதம் இரண்டு, மூன்று கடிதம். கொழுந்து நிறை, லயத்துச் சண்டை, கோவில் திருவிழா. ஒவ்வொன்றிலும் தங்கம்மா இருந்தாள், அந்த உரத்த குரலோடு.

தங்கம்மா செத்த தேதி சுகந்தினிக்கு நினைவிருந்தது. 2007 நவம்பர் 14. தீபாவளி கழிந்த வாரம். நவம்பர் 6ஆம் தேதியிட்ட கடிதத்துக்கு மேலே அடுத்த கடிதம் நவம்பர் 25.

"ராசா, தீவாளிக்கு ஒன்ன நெனச்சிக்கிட்டேன். மழ விடவே இல்ல. ரெண்டு நாளா காச்சல், இப்ப சொகந்தான்."

அதற்கு மேல் டிசம்பர். அதற்கு மேல் 2008 ஜனவரி. பொங்கல் வைத்தேன் என்கிறாள். களனிப்பக்கம் மண்சரிவாம் என்கிறாள். செத்துக் குழியில் போட்ட பிறகு தங்கம்மா பதினாலு மாதம் இந்த மெசினிலிருந்து பேசியிருந்தாள். அந்தப் பேச்சில் எங்கேயும் சுருதி மாறவில்லை. முன்னைவிட அதிகமாகப் பேசினாள், அவ்வளவுதான். மகளுக்கு மண்ணெண்ணெய் தீர்ந்ததை இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதத் தெரியாத மனிதருக்கு இது எங்கிருந்து வந்தது?

"நிலாம், இந்த டிராஃப்ட்ஸ்னு இருக்கே, இது என்ன? இருபத்துமூணுன்னு போட்டிருக்கு."

"அது எழுதிட்டு அனுப்பாம வச்சது டீச்சர். பாதியில விட்டாலும் அதுல போய் நிக்கும். மெசின் தானாவே நிமிசத்துக்கு ஒருக்கா சேவ் பண்ணிக்கும்."

திறந்தாள். வரிசையாக இருபத்துமூன்று. யாருக்கு என்ற இடம் எல்லாவற்றிலும் வெறுமை. தலைப்பும் இல்லை. தேதி மட்டும் இருந்தது, புதியது மேலே, பழையது கீழே.

"அப்பா விலாசமே போடலயே."

"அது வெவரமான ஆக்கள் செய்ற வேல. விலாசத்தப் போட்டுட்டு எழுதினா, கை தவறி அனுப்புறத அமுக்கினா போயிரும். போனா திருப்பி எடுக்கேலாது. விலாசம் இல்லாட்டி அமுக்கினாலும் போகாது, மெசின் கேக்கும்."

அடியில் இருந்த பழையதை அழுத்தினாள். வந்த கடிதத்தைப் போல அது படிக்கிற பக்கமாகத் திறக்கவில்லை. எழுதுகிற பக்கமாகவே திறந்தது. அப்பா விட்ட இடத்தில், கடைசி எழுத்துக்கு அடுத்து, ஒரு சின்னக் கோடு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அவர் இப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போனதுபோல.

"அன்புள்ள தம்பி கிருஷ்ணராஜுக்கு, இத்தால் தங்களுக்கு அறியத் தருவது யாதெனில்,"

அவ்வளவுதான். 2007 டிசம்பர் 2.

அடுத்தது ஜனவரியில். "தங்கள் தாயார் தொடர்பாக மிக வருந்தத்தக்க". அதுவும் அவ்வளவே. மூன்றாவதைத் திறந்தபோது கை பட்டு இடைவெளிக் கட்டை அமுங்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தாள். சற்று நேரத்தில் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், வரைவு சேமிக்கப்பட்டது, நேரம் 2.41, என்று ஆங்கிலத்தில் வந்தது. வெளியே வந்து பார்த்தால் அடியில் இருந்த அந்தக் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. தேதி, இன்று.

"ஐயோ டீச்சர், தொடாதீங்க," என்றான் நிலாம். "கடைசியா சேவ் ஆன நேரத்தத்தான் அது காட்டும். பழைய தேதி இனி வராது. இப்ப பாத்தா ஐயா இன்டைக்கு எழுதின மாதிரியெல்லோ ஈக்கி."

அதன் பிறகு அவள் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். திறப்பதும் மூடுவதும் நிலாமின் கை. மூடும்போது சேமிக்கவா என்று மெசின் கேட்டால் வேண்டாம் என்று அமுக்கினான். பிறகு வாசலில் ஆள் வந்ததால் எழுந்து போனான். அவள் மவுஸை மட்டும் இரண்டு விரலால் தொட்டுத் தனியே படித்தாள்.

2008 மார்ச்சில் எழுதிய ஒன்று முழுதாக இருந்தது.

"தம்பி, உமது தாயார் 2007 நவம்பர் 14ஆம் திகதி புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் காலமானார். நான் அருகில் இருந்தேன். மகனுக்கு கார்ட் கிடைக்கும்வரை சொல்லக் கூடாது, சொன்னால் ஓடி வருவான், வந்தால் பிடிப்பார்கள் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். முதல் கடிதத்தை அதற்காகவே எழுதினேன். ஒன்றோடு நிறுத்த எண்ணினேன். நீர் பதில் எழுதினீர். பதிலுக்குப் பதில் எழுதாவிட்டால் சந்தேகப்படுவீர். நல்லடக்கம் முறைப்படி நடந்தது. உமது மாமா மண் போட்டார். நான் செய்தது பிழையானால் மன்னிக்கவும். ஏழுமலை."

அதற்கு மேல் சில மாதங்கள் ஒன்றும் இல்லை. சத்தியத்தைக் காக்க முடிவு செய்திருப்பார். பிறகு 2008 ஒக்டோபரிலிருந்து திடீரென்று நெருக்கமாக, வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. ஏன் என்று தெரிய அவள் அனுப்பிய கடிதங்களுக்குத் திரும்பிப் போனாள்.

செப்டெம்பர் 28ஆம் தேதிக் கடிதம் வழக்கம்போலத் தொடங்கியது. நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: "இப்பல்லாம் எனக்கு நல்லாக் காது கேக்குது ராசா. ராத்திரியில பூச்சி சத்தம், கீழ்க்கணக்குல யாராச்சும் இருமுறது, எல்லாம் கேக்குது."

மறுநாளே மகனின் பதில். "அம்மா, நெசமாவா? ஐயா ஒங்கள இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாரா? அப்ப நான் போன் எடுக்குறேன். கொமினிகேஷன் நம்பர ஐயாகிட்ட கேட்டு எழுதுங்க."

ஒக்டோபர் 2ஆம் தேதி வரைவில் அப்பா எழுதியிருந்தார்:

"தம்பி, காது கேட்கிறது என்ற வரியை நான் எழுதவில்லை. அனுப்பிய பின் வாசித்தபோதே கண்டேன். விரல் அடித்திருக்கிறது. நான் எழுதுவோன், எனக்குத் தெரியாமல் என் விரல் எழுதியதில்லை."

விலாசம் இல்லை. அனுப்பவில்லை.

நவம்பர் நடுவில், தங்கம்மாவின் முதல் வருஷத் திதி வாரத்தில் அனுப்பிய கடிதம் நீளமானது. "ராசா, அந்த வெள்ளாட்ட நீதான் அவுத்துவிட்டன்னு எனக்குத் தெரியும். கிராமத்தாளுக திருடிக்கிட்டுப் போய்ட்டாங்கன்னு ஒங்க மாமா அவங்களுக்கு எதிரா கத்தியத் தூக்கிக்கிட்டு நின்னாரு, நீ வாயத் தெறக்கல. அது மாணிக்கக் கல்லுக்குத் தோண்டிப் போட்ட பழைய குழியில விழுந்திருச்சு. தண்ணி நெறைஞ்ச குழி. கழுத்து மணி நிக்கிற வரைக்கும் நீ பக்கத்துலயே உக்காந்திருந்த. சின்னப் புள்ள, நீ என்ன செய்வ. அந்த மணிச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது. அத நெனச்சி அழுவாத."

கிருஷ்ணராஜின் பதிலில் இரண்டே வரி. "அம்மா, இது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும். யாருகிட்டயும் நான் சொன்னதே இல்ல."

அதே வாரம் அப்பாவின் வரைவு: "தம்பி, வெள்ளாடு பற்றி உமது தாயார் உயிரோடு இருந்தபோது என்னிடம் கூறவில்லை. கூறியிருந்து நான் மறந்திருக்கவும் கூடும். எனக்கு வயது அறுபது. ஆனால் மறந்திருப்பேன் என்று தோன்றவில்லை. இனி இந்த வேலை என்னால் ஆகாது. உமக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்." அதற்குப் பிறகு அரை வரி வெற்றிடம். கோடு எரிந்து அணைந்தது.

சுகந்தினி வாசலைப் பார்த்தாள். வெயில் நன்றாக அடித்தது. மரக்கறிக் கடையில் சிங்களத்தில் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஹோர்ன் கேட்டது. கடைக்குள் மெசினின் மின்விசிறி இரைந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். ஒன்றுதான் பாக்கி இருந்தது.

ஜனவரி 16, 11.42. அப்பா பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறிய நாள்.

"தம்பி கிருஷ்ணராஜ், இன்று இதை அனுப்பியே தீருவதென்று வந்திருக்கிறேன். உமது தாயார் 2007 நவம்பர் 14ஆம் திகதி காலமாகிவிட்டார். அதன் பின் நீர் பெற்ற கடிதங்கள் யாவும் என்னால் ராசா ஐயா சொல்றத நம்பாத அவருக்கு மேலுக்கு முடியல நான் இங்கதான் இருக்கேன் அவர நான் பாத்துக்கிறேன் நீ சாப்பிட்டியா"

ஒரு புள்ளி இல்லை, ஒரு காற்புள்ளி இல்லை. முப்பது வருஷம் டைப் அடித்தவர் அப்படி அடிக்கமாட்டார். கோடு, 'சாப்பிட்டியா'வுக்கு அடுத்து நின்று துடித்தது, பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

அவள் மெல்ல அந்தப் பக்கத்தை மூடினாள். சேமிக்கவா என்றது. வேண்டாம்.

"நிலாம், கடைசி நாள் அப்பா எப்பிடி இருந்தாரு?"

நிலாம் கொஞ்சம் யோசித்தான். "எழும்பிப் போறப்ப கையப் பாத்துக்கிட்டு நின்டாரு டீச்சர். வெரல் வலிக்கிதான்டு கேட்டன். இல்ல, நிக்கமாட்டேங்குதுன்டு சொன்னாரு. நான் நடுக்கம்னு நெனச்சன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் மேல்கணக்குக்கு ஏறினாள். தங்கம்மாவின் தம்பி லயத்து வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணராஜைப் பற்றி எதுவும் சொல்லாமல், பழைய கதை கேட்பதுபோல ஆட்டைப் பற்றிக் கேட்டாள்.

"வெள்ளாடா? அது தொண்ணூத்திரண்டுல. கிராமத்துப் பயலுக தூக்கிக்கிட்டுப் போனது டீச்சர். அன்னிக்கு வெட்டுக்குத்து ஆகியிருக்கும். ஆமா, அத யாரு ஒங்ககிட்ட சொன்னது?"

"குழியில கிழியில விழுந்திருக்குமோ?"

"குழியா? தேடாத எடமில்ல. அக்காவும் மறுநாள் வந்து கூடத் தேடிச்சு. பாவம், கழுத்துல மணி கட்டியிருந்தும் அதுக்குக் கேக்கவா போகுது."

இறங்கி வரும்போது அவளுக்கு ஒன்று தெளிவாக இருந்தது. அப்பா எதற்குச் சத்தியம் செய்தாரோ அது தீர்ந்துவிட்டது. கார்ட் கிடைத்துவிட்டது. இனி அந்தப் பையனைத் திருச்சியில் விமான நிலையத்து வாசலில் நிற்கவிடுவது பாவம். புதிதாகத் தானே எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் அப்பா. அந்தச் சாவைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

திங்கட்கிழமை மார்ச் மாதத்து வரைவைத் திறந்தாள். இந்த முறை கையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. மேலே இடம் விட்டு அடித்தாள். அவளுக்கு டைப்ரைட்டர் வரிசை தெரியாது. நிலாம் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் கொடுக்க அரை மணிநேரம் ஆனது.

"தம்பி, நான் ஏழுமலையின் மகள் சுகந்தினி. எங்கப்பா ஜனவரி 16 தவறிட்டார். கீழே உள்ளது அவர் போன வருஷம் ஒங்களுக்கு எழுதி அனுப்பாம வச்ச கடிதம். இதுல உள்ளதெல்லாம் உண்மை. ஒங்கம்மா சாவுக்கு நானும் வந்திருந்தேன். தனியா இருக்கிறப்ப படிக்காதீங்க."

பிறகு, யாருக்கு என்ற வெற்றிடத்தில் கிருஷ்ணராஜின் முதல் எழுத்தை அடித்தாள். அறுபத்தொரு தடவை அனுப்பிய பழக்கத்தில் மெசின் முழு விலாசத்தையும் நீட்டியது. அனுப்பு என்பதை அமுக்கினாள். சில விநாடி வெள்ளைத் திரை. அனுப்பப்பட்டது என்று வந்தது. இருபத்துமூன்று இருபத்திரண்டாகியிருந்தது. அனுப்பிய கடிதங்களின் தலையில் புதிதாக ஒரு வரி நின்றது. அனுப்பியவர் ஏழுமலை, தேதி இன்று.

ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் நிலாமின் கடைக்குப் போன் வந்தது. சுகந்தினி அங்கேதான் இருந்தாள்.

"அக்கா," என்றான். அழுது முடித்த குரல். "ஐயாவும் இல்லையா?"

"இல்ல தம்பி."

"கோவமில்ல அக்கா. மொதல்ல வந்திச்சு. ரெண்டு நாள் வேலைக்குப் போகல. அப்புறம் நெனச்சேன், அந்தக் கடிதம் மட்டும் இல்லாட்டி இந்த ஒரு வருசத்துல நான் என்னவோ ஆயிருப்பேன்."

"ஒங்கம்மாதான் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கினாங்க."

"தெரியும். அம்மா அப்பிடித்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அக்கா, ஒண்ணு கேக்கணும். ஆட்டப் பத்தி ஒரு கடிதம் வந்திச்சு. நவம்பர்ல. அது அம்மா செத்ததுக்கு அப்புறம் எழுதினது, இல்லையா?"

"ஆமா."

"அம்மா முந்தியே ஐயாகிட்ட சொல்லியிருப்பாங்களோ?"

"எங்கப்பா அத எழுதி வச்சிருக்காரு தம்பி. சொல்லலைன்னுதான் எழுதியிருக்காரு."

"அம்மாவுக்குத் தெரியாதுக்கா," என்றான். "அன்னிக்கு அம்மா அவிசாவளையில, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. மறுநாள்தான் வந்தாங்க. அந்தக் குழிகிட்ட நானும் ஆடும் மட்டுந்தான்."

சுகந்தினி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். எங்கப்பா அதிகம் பேசாத ஆள் தம்பி, என்று மட்டும் சொன்னாள். அது எதற்குப் பதில் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அனுப்பாமல் வைத்த மற்றக் கடிதங்களையும் அனுப்பச் சொன்னான். எவ்வளவு பாதியாக இருந்தாலும் பரவாயில்லையாம். ஒன்றொன்றாகத் திறந்து, விலாசத்தைப் போட்டு, அனுப்பினாள். "அறியத் தருவது யாதெனில்" என்று முடிகிற அந்த முதல் கடிதமும் போனது. இருபத்தொன்று அனுப்பினாள். ஜனவரி 16ஐ அனுப்பவில்லை. ஐயா சொல்றத நம்பாத என்ற வரியைத் தாய் இல்லாத ஒரு பிள்ளைக்கு எப்படி அனுப்புவது? கேட்டால் அவ்வளவுதான் என்று சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். மெசினில் டிராஃப்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒன்று என்ற எண் மட்டும் நின்றது. சேமித்து வைத்த பாஸ்வேர்டை நிலாமிடம் சொல்லி அழிக்க வைக்கவும் இல்லை. அந்தக் கதிரையில் மட்டும் பிறகு அவள் உட்காரவில்லை. தனக்கென்று வேறு ஒரு ஈமெயில் கணக்குத் திறந்து, ஆறாம் நம்பர் மெசினிலிருந்து கிருஷ்ணராஜுக்கு எழுதினாள்.

மே மாதம் அவன் திருச்சிக்கு வந்தான். சுகந்தினி சேதி சொல்ல, அவனுடைய மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காவேரிக் கரையில் இரண்டு பிண்டம் வைத்தானாம், ஒன்று தாய்க்கு, இன்னொன்று ஏழுமலைக்கு. ஏழுமலை உனக்கு என்ன உறவு முறை என்று ஐயர் கேட்டதற்கு, எழுதின முறை என்றானாம். அதைச் சொல்லிவிட்டு மாமா சுகந்தினியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆட்டின் கதையையும் அவன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பரில் தங்கம்மாவின் இரண்டாவது திதிக்கு முதல் நாள், சுகந்தினிக்கு அந்தக் கடைசிக் கடிதம் மனதில் கிடந்து அரித்தது. வைத்திருக்க அவளுக்கு என்ன உரிமை? அப்பாவும் இப்படித்தான் நாளைக்கு, நாளைக்கு என்று வைத்திருந்தார். நிலாமின் கடைக்குப் போய் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தாள். பெயர் வந்தது, புள்ளிகள் வந்தன. ஆனால் உள்ளே போனதும் வேறொரு பக்கம். நீண்ட காலம் யாரும் வராததால் கணக்கு மூடப்பட்டது, திரும்பத் திறக்கலாம், பழையவை இருக்காது, என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. திறந்தாள். வந்தவை பூச்சியம். அனுப்பியவை பூச்சியம். டிராஃப்ட்ஸுக்குப் பக்கத்தில் எண்ணே இல்லை.

"பிரிண்ட் எடுத்து வச்ச இல்லையா டீச்சர்?" என்றான் நிலாம்.

"இல்ல."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மறைக்கவோ சொல்லவோ இனி ஒன்றுமில்லை. பிறகுதான் பயம் வந்தது. அந்த வரிகள் இப்போது உலகத்தில் வேறெங்கும் இல்லை, அவள் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. நாளாக ஆக அவை அப்பாவின் வரிகளா, தன் வரிகளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

ஆறாம் நம்பருக்கு மாறி உட்கார்ந்தாள். தன் கணக்கைத் திறந்து, முதலில் கிருஷ்ணராஜின் விலாசத்தைப் போட்டாள். நினைவில் இருந்தபடி ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல், புள்ளி வைக்காமல், அந்த வரிகளை அடித்தாள். கீழே, இது ஜனவரி 16 காலை 11.42க்கு எங்கப்பா எழுதினது, ஒங்ககிட்ட மறைச்சதுக்கு மன்னிச்சுக்குங்க, என்று சேர்த்தாள். படித்துப் பார்க்க மேலே போகவில்லை. அடியில், வரைவு சேமிக்கப்பட்டது, என்று வருவதற்கு முன்னால் அனுப்பிவிட்டாள்.